உயரமான பெண்களுக்கு: எட்டாத பேண்ட், ஏறி நிற்கும் கை, இடுப்பில் திறக்கும் கட் ஆகியவற்றைச் சரிசெய்யும் முழு வழிகாட்டி

ரெடிமேட் கடையில் உயரமான பெண்கள் வழக்கமாகச் செய்வது ஒன்று: பேண்ட் எட்டவில்லை என்றால் ஒரு சைஸ் பெரிதாக எடுத்துக்கொள்வது. அதனால் கிடைப்பது அகலம்தான், நீளம் இல்லை. எஸ், எம், எல் என்று சைஸ் ஏறும்போது மார்பும் இடுப்பும் இரண்டு இன்ச் ஏறும். நீளம் அரை இன்ச் ஏறினாலே பெரிது. இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 152 செ.மீ., அதாவது ஐந்தடியை ஒட்டியது. துணி வெட்டுபவர்கள் அதற்கு மேல் மூன்று, நான்கு இன்ச் வரை மனதில் வைத்துத்தான் வெட்டுகிறார்கள். ஐந்தடி எட்டு, ஐந்தடி பத்து இருப்பவர் எந்த சைஸை எடுத்தாலும் அதே நீளத்துக்குள்தான் நிற்க வேண்டும்.

ஆல்டரேஷனுக்கு என்னிடம் வரும் உயரமான பெண்களிடம் நான் முதலில் சொல்வது, துணி எவ்வளவு குறைகிறது என்பதைவிட எங்கே போய் நிற்கிறது என்பதைப் பாருங்கள் என்றுதான். கணுக்கால் எலும்புக்கு இரண்டு இன்ச் மேலே நிற்கும் பேண்ட்டும், மணிக்கட்டுக்கு ஒன்றரை இன்ச் முன்னால் முடியும் கையும் "துவைத்துச் சுருங்கியதோ?" என்று கேட்க வைக்கும். அதே பேண்ட் கெண்டைக்காலின் பாதியில் நின்றால், அதே கை முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் நின்றால், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு துணிக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: முழுதாகக் கொண்டுபோய் எட்ட வைப்பதா, தெளிவாகக் குறைத்து நிறுத்துவதா? நடுவில் விட்டால்தான் உறுத்தும்.

முதலில் அளவு

உடம்பில் நான்கு அளவு எடுத்து எங்கேயாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்ச் டேப்பை இன்னொருவர் பிடித்தால் நல்லது. நாமே குனிந்து பார்த்தால் அளவு மாறிவிடும்.

பேண்ட் நீளத்தை இடுப்பு எலும்பிலிருந்து எடுக்காமல், நீங்கள் வழக்கமாகப் பேண்ட் உட்கார வைக்கும் இடத்திலிருந்து வெளிப்பக்கமாகக் கணுக்கால் எலும்பு வரை எடுங்கள். அடுத்தது உள்கால் நீளம்: தொடைகள் சேரும் இடத்திலிருந்து உள்பக்கமாக அதே கணுக்கால் எலும்பு வரை. வெளி நீளத்திலிருந்து உள் நீளத்தைக் கழித்தால் வருவது மேல்பகுதியின் ஆழம். உயரமானவர்களின் பேண்ட் தொல்லையில் பாதி இந்த மூன்றாவது எண்ணில்தான் இருக்கிறது. ஆனால் இதை யாரும் அளப்பதில்லை.

கை அளவைத் தோள் எலும்பின் நுனியில் தொடங்கி, முழங்கையைக் கொஞ்சம் மடக்கி வைத்து, மணிக்கட்டு எலும்பு வரை எடுக்க வேண்டும். கையை நேராகத் தொங்கவிட்டு அளந்தால் முக்கால் இன்ச்சாவது குறைவாக வரும். வண்டி ஓட்டும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது அந்த முக்கால் இன்ச்தான் மேலே ஏறும்.

நான்காவது, தோளிலிருந்து இடுப்பின் ஒடுங்கிய இடம் வரை, அப்புறம் அங்கிருந்து பின்புறத்தின் அகலமான இடம் வரை. இது குர்த்திக்கு.

இன்னொன்று: புதுத் துணியில் கத்திரி வைக்கும் முன் அதை ஒருமுறை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். காட்டன் நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கினாலே 40 இன்ச் பேண்ட்டில் ஒன்றேகால் இன்ச் போய்விடும். சேர்க்கப்போகும் துணியையும் கூடவே நனைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே சேர்த்த பட்டி மட்டும் இழுத்துக்கொண்டு சுருக்கம் விழும்.

பேண்ட்: கீழே மட்டும் பார்க்காதீர்கள்

ஒரு நேரான காட்டன் பேண்ட்டை எடுத்துக்கொள்வோம், குர்த்திக்கு அடியில் போடும் இலாஸ்டிக் பெல்ட் வைத்தது. கல்லூரியில் பாடம் எடுக்கும் ஒருவர் கொண்டு வந்தது. உயரம் ஐந்தடி பத்து. "அக்கா, நின்னா குட்டையா இருக்கு, உக்காந்தா பின்னாடி இறங்குது" என்றார். குறை அந்த ஒரு வரியிலேயே முழுதாக இருக்கிறது. நின்றால் குட்டை என்றால் காலில் நீளம் போதவில்லை. உட்கார்ந்தால் பின்னால் இறங்குகிறது என்றால் மேல்பகுதியில் ஆழம் போதவில்லை. இரண்டையும் கீழேயே சேர்த்துவிட்டால் நிற்கும்போது சரியாகத் தெரியும், உட்காரும்போது பழைய கதைதான்.

அளந்தபோது பேண்ட்டின் வெளி நீளம் 37, உள் நீளம் 27. ஆகவே மேல்பகுதி 10. அவருக்கு வேண்டியது வெளியே 40, உள்ளே 29. ஆகவே மேல்பகுதி 11. மொத்தம் மூன்று இன்ச் குறைகிறது. அதில் ஒன்று மேலே, இரண்டு கீழே.

மேலே ஒரு இன்ச் சேர்ப்பது நினைப்பதைவிட எளிது. இலாஸ்டிக் பெல்ட்டைப் பிரித்து இலாஸ்டிக்கை வெளியே எடுத்தால், உள்ளே மடித்து வைத்திருந்த துணி ஒன்றரை, ஒன்றேமுக்கால் இன்ச் மேலே நீண்டு வரும். பழைய மடிப்புக் கோட்டிலிருந்து ஒரு இன்ச் மேலே புதுக் கோடு போடுங்கள். மூன்று இன்ச் அகலப் பட்டி ஒன்றை, நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் வைத்து அந்தக் கோட்டில் தைத்து, உள்பக்கம் திருப்பி மடித்து அடித்தால் அதுவே இலாஸ்டிக் போகும் பாதை. பட்டி முழுக்க உள்ளேதான் இருக்கும், வெளியே தெரியாது. பழைய தையல் ஓட்டைகள் தெரிந்தாலும் குர்த்தி மூடிவிடும். இப்படி மேலே சேர்ப்பது ஒன்றரை இன்ச்சைத் தாண்டக்கூடாது. தாண்டினால் தொடைகள் சேரும் இடம் தொங்கி, நடக்கும்போது தொடை உரசும். நின்று பார்க்கும்போதே அந்த இடத்தில் பை போலத் துணி விழுந்தால் அதிகமாகிவிட்டது என்று பொருள்.

ஜிப்பும் பட்டனும் வைத்த ஃபார்மல் பேண்ட்டில் இதைச் செய்ய முடியாது. அங்கே ஆழம் குறைந்திருந்தால் வாங்காமல் விடுவதுதான் நல்லது. கடையிலேயே உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

இனிக் கீழே. முதலில் மடிப்பைத் திருப்பி, உள்ளே எவ்வளவு துணி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு இன்ச்சோ ஒன்றேகாலோ இருக்கும். குறைவது முக்கால் இன்ச்தான் என்றால் அதுவே போதும்: தையலைப் பிரித்து, மடிப்பை முழுதாக இறக்கி, ஓரத்தில் கால் இன்ச் மட்டும் பிடித்து இரண்டு இன்ச் அகலமுள்ள வேறொரு மெல்லிய துணியைத் தைத்து உள்ளே திருப்பி, எம்மிங் போட்டுவிடலாம். சொந்தத் துணி முழுதும் வெளியே நீளமாகிவிடும். மடிப்பு வேலையை உள்ளே இருக்கும் அந்தத் துணி பார்த்துக்கொள்ளும். கனமான பேண்ட்டுக்கு உள்பட்டியை மெல்லியதாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பு தடித்து நிற்கும்.

இறக்கியதும் பழைய மடிப்பு ஒரு கோடாகத் தெரியும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, உள்பக்கம் ஒரு மூலையில் தொட்டுப் பார்த்துச் சாயம் போகவில்லை என்றால், கோட்டில் தடவி ஈரத்துணி மேலே போட்டு இஸ்திரி வைத்தால் மடிப்புத்தடம் போய்விடும். தடம் வேறு, வெளுப்பு வேறு. மடிப்பு ஓரம் உரசி உரசி நிறம் போயிருந்தால் எந்த வினிகராலும் அது வராது.

நம் பேண்ட்டுக்குக் கீழே வேண்டியது இரண்டு இன்ச். இறக்கி எடுக்க அவ்வளவு துணி இல்லை, அதனால் வெளியே தெரியும் பட்டிதான் வழி. பட்டியைத் துணியின் ஓரத்தில் கொண்டுபோய் வைக்காமல், பழைய மடிப்புக் கோட்டின் மேலேயே தைக்க வேண்டும். அப்போது கோடும், வெளுப்பும், ஊசி ஓட்டைகளும் தையலுக்குள் மறைந்துவிடும். இறக்கிவிட்ட மிச்சத் துணியை அரை இன்ச் விட்டு வெட்டி, ஓவர்லாக் போட்டு உள்ளே தள்ளிவிடலாம்.

பட்டியின் கணக்கு: வெளியே இரண்டு, உள்ளே இரண்டு, இரண்டு ஓரத்துக்கும் அரை அரை. ஆக ஐந்து இன்ச் அகலம். பேண்ட்டின் அடிச்சுற்று 14 என்பதால் நீளம் 15. இரண்டு காலுக்கும் இரண்டு துண்டு. வெட்டுவதற்கு முன் குதிகாலையும் பாதத்தின் மேற்புறத்தையும் சேர்த்துச் சுற்றி அளந்து பாருங்கள். அவருக்கு அது 13 வந்தது, ஆகவே தடையில்லை. அடிச்சுற்று அதைவிடச் சிறியதாக இருந்தால் பட்டியின் இரண்டு முனைகளையும் சேர்க்காமல் வெளிப்பக்கம் சின்ன கட் விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் கால் நுழையாது.

பட்டித் துணிக்கு ஊர் முழுக்க அலைய வேண்டாம். பேண்ட்டின் ஒரு துண்டு நூலையாவது மேட்சிங் கடைக்குக் கொண்டு போங்கள். அதே நிறம் கிடைத்தால் அதே நிறம். அரை ஷேடு மாறினால் அது வேண்டாம். துணிந்து வேறு நிறம் எடுங்கள், குர்த்தியில் இருக்கும் ஏதாவது ஒரு நிறம். கிட்டத்தட்ட ஒத்துப்போகும் நிறம் ஒட்டுப்போட்டது போலத் தெரியும். அந்தத் துணி ஒரு இடத்தில் மட்டும் வந்தால் ஒட்டு. இரண்டு இடத்தில் வந்தால் டிசைன். இதற்காகவே அவரிடம் கால் மீட்டருக்குப் பதில் அரை மீட்டர் வாங்கச் சொன்னேன். 36 இன்ச் அகலத் துணியில் இரண்டு கால் பட்டி, பெல்ட்டுக்கு மூன்று இன்ச் அகலத்தில் இரண்டு துண்டு, குர்த்திக் கைக்கு இரண்டு பட்டி எல்லாம் அரை மீட்டருக்குள் அடங்கிவிடும்.

முடித்ததும் நின்று பார்ப்பதோடு விடாதீர்கள். நாற்காலியில் உட்காருங்கள். பேண்ட் ஒன்றரை, இரண்டு இன்ச் ஏறத்தான் செய்யும். கெண்டைக்கால் வரை ஏறினால் முழங்கால் பகுதி இறுக்கம், அது நீளக் குறை இல்லை. அதேபோல் முழங்காலில் ஒடுங்கிக் கீழே விரியும் பூட்கட் வகையில் கீழே சேர்த்துப் பயனில்லை. அதில் ஒடுங்கும் இடமே உங்கள் முழங்காலுக்கு மேலே போய்விட்டது; எவ்வளவு சேர்த்தாலும் அது அங்கேயேதான் இருக்கும். நேரான பேண்ட், பலாசோ, சல்வார் இவை எல்லாம் சேர்ப்பதைத் தாங்கும்.

குர்த்தி: நீளம் சரி, இடம்தான் தப்பு

44, 46 இன்ச் குர்த்திகள் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன, ஐந்தடி பத்துக்கும் அது முழங்காலைத் தாண்டி வந்துவிடும். தொல்லை நீளத்தில் இல்லை. இடுப்புக்கான வளைவு விலா எலும்பின் மேல் வந்து நிற்கும். பக்கவாட்டுக் கட் பேண்ட் பெல்ட் தெரியும் உயரத்தில் திறந்துகொள்ளும். நாள் முழுக்க குர்த்தியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டே இருப்பது இதனால்தான்.

கட் தொடங்கும் இடத்தைக் கீழே இறக்குவது கால் மணி நேர வேலை. குர்த்தியைப் போட்டுக்கொண்டு, கட் எங்கே தொடங்க வேண்டும் என்று சாக்பீஸால் குறியுங்கள். பெல்ட்டுக்குக் கீழே மூன்று, நான்கு விரல் இடம் இருந்தால் போதும். அதற்கு மேலே இருக்கும் கட் ஓர மடிப்பைப் பிரித்து, இரண்டு பக்கத்தையும் சேர்த்து, மேலிருந்து வரும் பக்கத் தையலை அப்படியே நீட்டிக் கொண்டுவாருங்கள். முடியும் இடத்தில் நாலைந்து முறை முன்னும் பின்னும் ஓட்டிக் கெட்டியாக்க வேண்டும், இழுபடும் இடம் அது. அந்தக் கல்லூரி ஆசிரியையின் குர்த்தியில் கட் தோளிலிருந்து 21-ல் தொடங்கியது. இரண்டரை இன்ச் மூடி 23½-க்குக் கொண்டுவந்தோம்.

மூடும் முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். மூடப்போகும் இடத்தில் குர்த்தியின் சுற்றளவு உங்கள் உடம்பைவிட மூன்று இன்ச்சாவது அதிகமாக இருக்கிறதா? இல்லாவிட்டால் உட்காரும்போது தையல் தெறிக்கும், அல்லது குர்த்தி மேலே ஏறி வயிற்றில் மடிந்து நிற்கும். சுற்றளவு போதாத குர்த்தியில் மூடுவதற்குப் பதில், கட் திறக்கும் இடத்தில் மூன்று இன்ச் உயரத்துக்கு ஒரு முக்கோணத் துணியை உள்ளே வைத்துத் தைத்தால் மறைப்பும் கிடைக்கும், தளர்வும் கிடைக்கும்.

இடுப்பு வளைவு மேலே இருந்தால் கீழே இறக்குவது பெரிய வேலை. அதைவிட, அக்குளுக்குக் கீழே மூன்று இன்ச்சிலிருந்து கட் வரை பக்கத் தையலைப் பிரித்து, வளைவே இல்லாமல் நேராகத் தைத்துவிடுங்கள். உள்ளே விட்டிருக்கும் துணி பெரும்பாலும் இதற்குப் போதும். உயரமான உடம்பில் நேர் வெட்டு நன்றாகவே விழும். என்னைக் கேட்டால் தப்பான இடத்தில் இருக்கும் வளைவைவிட வளைவே இல்லாதது எவ்வளவோ மேல்.

கை

முதலில் காரணத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குர்த்தியைப் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் முன்னால் நீட்டுங்கள். கை மட்டும் ஏறினால் அது நீளக் குறை. கையோடு சேர்ந்து குர்த்தியே ஏறினால் அக்குள் வெட்டு இறுக்கம். அதற்கு எவ்வளவு பட்டி வைத்தாலும் தீராது, அக்குள் தையலைப் பிரித்துத் தளர்த்த வேண்டும். உள்ளே துணி இல்லாவிட்டால் இரண்டு இன்ச் சதுரத் துண்டு ஒன்றை அக்குளில் குறுக்காக வைத்துத் தைப்பார்கள். பழைய ஜாக்கெட்டுகளில் பார்த்திருப்பீர்கள்.

நீளக் குறை என்றால் முதல் வழி பட்டி. ஆசிரியைக்கு வேண்டியது 24, குர்த்தியில் இருந்தது 22. பேண்ட்டுக்குச் செய்த அதே கணக்கில், கையின் முனைச்சுற்று 11 என்பதால் 12 இன்ச் நீளம், 5 இன்ச் அகலத்தில் கைக்கு ஒரு துண்டு, பழைய மடிப்புக் கோட்டின் மேலேயே. காலில் வந்த துணி கையிலும் வந்ததும் அது வாங்கும்போதே அப்படி இருந்த செட்டாகிவிட்டது. கை கீழே ஒடுங்கிக்கொண்டே வருவதாக இருந்தால், விரல்களைக் குவித்துக் கையின் அகலமான இடத்தைச் சுற்றி அளந்து, அதைவிட அரை இன்ச் கூடுதலாகப் பட்டியின் சுற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி முக்கால் கையாக மாற்றுவது. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் குறியுங்கள். அவருக்குத் தோளிலிருந்து முழங்கை 14, மணிக்கட்டு 24, ஆக நடுவிடம் 19. மடிப்புக்கு ஒரு இன்ச் சேர்த்து 20-ல் வெட்ட வேண்டும். கடையில் "முக்கால் கை" என்று விற்பது இவருக்கு முழங்கைக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும், மடக்கும்போதெல்லாம் மடிப்பு முழங்கையில் போய் உரசும். அப்படி வந்தால் முழங்கைக்கு இரண்டு இன்ச் மேலே கொண்டுபோய் அரைக்கையாகவே முடித்துவிடலாம்.

கையில்லாத குர்த்திகளின் உள்ளே கைக்கென்று தனியாகத் துணி இணைத்திருப்பார்களே, அதை அப்படியே கையாக வைத்தால் உயரமானவர்களுக்குப் பாதியில்தான் நிற்கும். அதைக் கையாக வைக்காமல் முழுக்கை குர்த்திகளுக்குப் பட்டியாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

மெட்டீரியல் எடுத்துத் தைப்பவர்களுக்கு

"தைக்கக் கொடுத்தும் பேண்ட் குட்டையாகத்தான் வந்தது" என்று சொல்பவர்கள் தையல்காரரைக் குறை சொல்வார்கள். பல நேரம் குற்றம் செட்டில் இருக்கிறது. சுடிதார் செட்டில் பாட்டம் துணி இரண்டு மீட்டர் என்றால் 78 இன்ச் சொச்சம். 44 இன்ச் அகலத் துணியில் இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வெட்ட முடியாது, ஒன்றன் கீழ் ஒன்றாகத்தான் வெட்ட வேண்டும்; ஆக ஒரு காலுக்கு 39. அதில் பெல்ட்டுக்கு இரண்டு, கீழ் மடிப்புக்கு ஒன்று, ஒன்றரை போனால் தைத்த பிறகு 36-க்குள்தான் நிற்கும். 40 வேண்டுபவருக்கு இரண்டே கால் மீட்டர் கட்டாயம், சுருங்குவதையும் சேர்த்தால் இரண்டரை. செட்டில் இரண்டுதான் இருந்தால் டாப்பையும் துப்பட்டாவையும் மட்டும் பயன்படுத்திக்கொண்டு பாட்டத்தைத் தனியாக மீட்டர் கணக்கில் எடுங்கள். அந்த இரண்டு மீட்டரில் வேறு யாருக்காவது பேண்ட் தைக்கலாம். தைக்கக் கொடுக்கும்போது "உள்ளே இரண்டு இன்ச் மடிப்பு விடுங்க" என்று சொல்லிவிட்டால் பின்னாளில் இறக்கிக்கொள்ள இடம் இருக்கும்.

ஜீன்ஸில் மடிப்பை இறக்கினால் வெள்ளைக் கோடு நிற்கும், அது போகாது. கோட்டுக்குக் கீழே நூலைப் பிரித்துக் குஞ்சம் போல விட்டுவிடுவது ஒரு வழி. ஆண்கள் பிரிவில் உள்கால் நீளம் 32, 34 கிடைக்கும். ஆனால் பின்புறம் சரியாக இருந்தால் இடுப்பு லூசாக இருக்கும். பின் பெல்ட்டின் நடுவில் பிடித்துத் தைக்க வேண்டியிருக்கும்.

சேலைக்கும் இதே தொல்லை உண்டு. சிந்தெடிக் சேலைகளில் சில 44 இன்ச் அகலம்கூட வராது. செருப்புப் போட்டு இடுப்பிலிருந்து தரை வரை 43 வேண்டியவருக்குச் செருகுவதற்கு ஒரு இன்ச்கூட மிஞ்சாது. கீழே பார்டரில் எதையும் சேர்க்க வேண்டாம். செருகும் மேல் ஓரத்தில், உள்முனையிலிருந்து கொசுவம் முடியும் வரை, நான்கு இன்ச் அகலத்தில் மெல்லிய காட்டன் பட்டி வைத்துத் தைத்துவிடுங்கள். பட்டி முழுக்க உள்பாவாடைக்குள் போய்விடும், காட்டன் என்பதால் கொசுவம் நழுவாமலும் நிற்கும். உள்பாவாடையையும் அதே சமயம் பாருங்கள். ரெடிமேட் பாவாடை 38-ல் நின்றால், கீழே நான்கு இன்ச் ஃப்ரில் வைக்க ஒரு மணி நேரம் கூட ஆகாது.